நீல வயரை நீல வயரோடு சேர்க்கலாமா?

"எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்பு, கறுப்பு, பச்சை வயர்கள். த்ரீ ஃபேஸ் இணைப்பு என்பதால் சில அறைகளில் மஞ்சளும் நீலமும் உண்டு. புதிதாக வாங்கிய வாட்டர் ஹீட்டரின் வயரில் பழுப்பு, நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் சரியாக இருக்குமா? உலகம் முழுவதும் ஒரே நிறத்தை ஏன் வைக்கவில்லை?"

சேர்க்கக் கூடாது. ஹீட்டரில் இருக்கும் நீலம் நியூட்ரல். உங்கள் சுவரில் இருக்கும் நீலம் பெரும்பாலும் மூன்றாவது ஃபேஸ். ஹீட்டரின் பழுப்பு வயர் சுவரின் ஃபேஸ் வயரோடு சேர வேண்டும். அந்தக் குளியலறைக்கு எந்த ஃபேஸ் வருகிறதோ அதைப் பொறுத்து அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். ஹீட்டரின் நீலம் சுவரின் கறுப்போடும், பச்சை-மஞ்சள் வயர் சுவரின் பச்சையோடும் சேர வேண்டும். மீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அளக்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு நீலங்களும் ஏன் முட்டிக்கொள்கின்றன என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதனால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது மூன்றிலும் ஒரே செம்புதான். அந்தச் செம்பு மறுமுனையில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. தெரு டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபேஸ் சுருள்களும் ஒன்றாகச் சேரும் நடுப்புள்ளியைத் தரையில் புதைத்த எர்த்தோடு கட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளியிலிருந்து வருவது நியூட்ரல். எனவே நியூட்ரலுக்கும் தரைக்கும் இடையே மின்னழுத்தம் கிட்டத்தட்ட இருக்காது. ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். மின்னோட்டம் இரண்டு வயர்களிலும் ஒரே அளவாகத்தான் ஓடுகிறது. ஆனால் தரையில் நிற்கும் மனிதனைப் பொறுத்தவரை ஒன்று ஆபத்தானது, மற்றொன்று ஏறக்குறைய ஆபத்தில்லாதது. எர்த் வயரில் சாதாரணமாக மின்னோட்டமே இருக்கக் கூடாது. சாதனத்தின் உலோக உடலில் எதிர்பாராமல் ஃபேஸ் பட்டுவிட்டால் அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவதற்காகவே அது காத்திருக்கிறது.

சுவிட்சும் ஃபியூஸும் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வருகிறது. சுவிட்சை நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும். ஆனால் ஹோல்டரிலும் சுருளிலும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சாதனம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை வைத்து இணைப்பு சரியா என்று சொல்லவே முடியாது. தவறாகக் கொடுத்த இணைப்பிலும் எல்லாம் ஓடும். அதனால்தான் வயரின் உறையிலேயே அடையாளம் தேவைப்படுகிறது.

உங்கள் ஹீட்டரையே வைத்துப் பார்ப்போம். அது 2000 வாட் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். குளியலறைக்கு நீல ஃபேஸும் கறுப்பு நியூட்ரலும் வந்திருக்கின்றன. நிறத்தை நம்பி நீலத்தை நீலத்தோடும், மீதியுள்ள பழுப்பைக் கறுப்போடும் சேர்த்துவிட்டால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். தண்ணீர் நன்றாகவே சுடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் பல மாதிரிகளில் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். பழுப்பு வயர்தான் ஃபேஸ் என்று நம்பி அதில் வைத்திருப்பார்கள். இப்போது அது துண்டிப்பது நியூட்ரலை. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, தண்ணீர் சூடாகித் தெர்மோஸ்டாட் நிறுத்திய பிறகும் எலிமென்ட் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். உப்புத் தண்ணீரில் எலிமென்டின் மேலுறை அரித்து ஓட்டை விழுந்தால், தெர்மோஸ்டாட் திறந்தே இருந்தாலும் அந்த ஓட்டை வழியாக மின்சாரம் தொட்டியின் உலோகத்துக்குக் கசிந்துகொண்டிருக்கும். எர்த் வயர் நன்றாக இருந்தால் அது காப்பாற்றும். எர்த்தும் அறுந்திருந்தால் குழாயைத் திறப்பவர் கையில்தான் அது தெரியும்.

இதைவிட மோசமான கலப்பு, மீட்டர் அருகே எல்லா ஃபேஸ்களும் ஒன்றாக இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் நடக்கும். மாடியில் ஒரு அறை எடுக்கிறீர்கள், கடையில் கிடைத்த பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கேபிளை இழுத்துக் கொண்டுவருகிறார்கள். வேலை செய்பவர் பழுப்பைச் சிவப்போடு சேர்க்கிறார், அது சரி. நீலத்தை நீலத்தோடு சேர்க்கிறார். இப்போது அந்த அறைக்குப் போவது ஒரு ஃபேஸும் நியூட்ரலும் அல்ல, இரண்டு ஃபேஸ்கள். அவற்றுக்கு இடையே 230-ஐ 1.73 மடங்காக்கினால் வரும் 400 வோல்ட் நிற்கும். சாதாரண குண்டு பல்பு கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக ஒரு நொடி எரிந்து போய்விடும். டிவியின் பவர் சப்ளை படீரென்று வெடிக்கும். இவை உடனே காட்டிக்கொடுப்பதால் ஒருவகையில் நல்லது. ஆனால் அதே அறையில் அந்த 2000 வாட் ஹீட்டர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் 8.7-லிருந்து 15 ஆம்பியராக ஏறும், வெப்பம் மூன்று மடங்காகி 6000 வாட்டைத் தொடும். 16 ஆம்பியர் எம்சிபி விழாது, 15 ஆம்பியர் அதற்கு உட்பட்ட அளவுதானே! எலிமென்ட் எரிந்து போகும்வரை, அல்லது 250 வோல்ட்டுக்குச் செய்த தெர்மோஸ்டாட் உருகும்வரை, எந்தப் பாதுகாப்புக் கருவியும் இதைக் கண்டுகொள்ளாது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாலும் இரண்டு வயரிலும் ஒளிரும். இரண்டிலும் ஒளிர்வதைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடுங்கள்; அது நியூட்ரல் அறுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம், இரண்டு ஃபேஸ் வந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

நீலம் ஏன் இப்படி இரண்டு வேலை பார்க்கிறது? நம்முடைய சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை என்ற வரிசை பிரிட்டனிலிருந்து வந்தது. மின்சாரம் வீடுகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது. லண்டனில் பொறியாளர் சங்கம் 1882-லேயே தீவிபத்தைத் தடுப்பதற்கான வயரிங் விதிகளை வெளியிட்டுவிட்டது. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897-ல் வந்தது. அதற்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தன, தீவிபத்துக்கு இழப்பீடு கொடுத்தவர்கள் அவர்கள்தானே. நாடுகளைச் சேர்த்துப் பேசவைக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் தோன்றியது 1906-ல்தான். அதற்குள் ஊருக்கு ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. சுவருக்குள் போகும் வயர் எல்லை தாண்டுவதில்லை. ஒரு நாட்டு வயர்மேன் அந்த நாட்டு வீட்டை மட்டுமே தொடுவார். அதனால் நிறம் வேறுபட்டது அன்றைக்கு யாருக்கும் தொல்லையாகவே இல்லை.

தொல்லை வந்தது பிளக்கோடு விற்கும் சாதனங்கள் நாடுவிட்டு நாடு போகத் தொடங்கியபோது. அதன் கொடூரம் புரிய ஜெர்மனியைப் பார்த்தால் போதும். 1965 வரை அங்கே ஃபேஸ் கறுப்பு, நியூட்ரல் சாம்பல், எர்த் சிவப்பு. ஆம், எர்த்துக்குத்தான் சிவப்பு. ஃபேஸுக்குச் சிவப்பு வைத்தது ஆபத்தின் நிறம் என்பதால் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை உறுதியான காரணமாக நான் ஏற்பதில்லை. ஜெர்மனியே அதே சிவப்பைப் பாதுகாப்பு வயருக்குக் கொடுத்திருந்தது. அப்படி ஒரு ஜெர்மன் சாதனம் பழைய பிரிட்டிஷ் வழக்கம் அறிந்த ஒருவர் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பை ஃபேஸில் மாட்டுவார், கறுப்பை நியூட்ரலில் மாட்டுவார், மிச்சமிருக்கும் சாம்பலை எர்த்தில் மாட்டுவார். இப்போது உலோக உடலே நேரடியாக ஃபேஸில் இருக்கிறது. மோட்டாரின் இரு முனைகளும் நியூட்ரலிலும் எர்த்திலும் இருப்பதால் சாதனம் ஓடவே ஓடாது. ஓடவில்லையே, ஏன் என்று அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுதான் மனித இயல்பு.

ஜெர்மன் நிறங்களில் ஃபேஸும் நியூட்ரலும் கறுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருந்ததைப் பார்த்துச் சிலர் அலட்சியம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய வட்டமான பிளக்கைச் சாக்கெட்டில் எப்படித் திருப்பியும் செருகலாம். எந்த முனை ஃபேஸ் என்று சாதனம் செய்பவருக்கு உறுதியே கிடையாது. ஆகவே எந்த முனையில் ஃபேஸ் வந்தாலும் ஆபத்தில்லாதபடி சாதனத்தை வடிவமைத்தாக வேண்டும். பிரிட்டனிலும் நம் நாட்டிலும் த்ரீ பின் பிளக் ஒரே விதமாகத்தான் நுழையும். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். இங்கே நிறத்தைப் பின்பற்றினால் பலன் முழுதாகக் கிடைக்கும், தவறினால் இழப்பும் முழுதாக வரும். நிற விதியைப் பிளக்கோடும் சுவிட்சோடும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு நாடு ஏன் அப்படி வைத்தது என்று புரியும்.

அறுபதுகளில் ஐரோப்பிய நாடுகள் உட்கார்ந்து சாதன வயருக்குப் பொது நிறம் தேடியபோது முதல் நிபந்தனை, எந்த நாட்டிலும் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கும் நிறத்தை எர்த்துக்கு வைக்கக் கூடாது என்பது. இரண்டாவது நிபந்தனை கண்ணைப் பற்றியது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உடையவர்கள். நம் நாட்டில் விகிதம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. பழைய பிரிட்டிஷ் முறையில் மிக ஆபத்தான வயர் சிவப்பு, மிகப் பாதுகாப்பான வயர் பச்சை. மாறவே கூடாத அந்த இரண்டும், அப்படிப்பட்ட கண்ணுக்கு மங்கலான வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். பச்சையும் மஞ்சளும் கலந்த பட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிறமே தெரியாவிட்டாலும் கோடு போட்ட வயர் என்று தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அடையாளம் காணலாம். இதற்கு அளவும் உண்டு. வயரில் எந்த இடத்தில் 15 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்தாலும் இரு நிறங்களில் ஒன்று உறைப்பரப்பில் 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மிச்சம் மற்ற நிறத்துக்கு. நுனியை எவ்வளவு சிறிதாக வெட்டினாலும் இரண்டும் கண்ணில் படுவதற்காகத்தான் இது. கடையில் சில மலிவு வயர்களில் பச்சை மேல் மெல்லிய மஞ்சள் இழை ஒன்று மட்டும் ஓடும். அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கு நீலம் எடுத்ததும் கண்ணைக் கருதிப் பார்த்தால் நியாயமானது; பழுப்பிலிருந்தும் பச்சையிலிருந்தும் நீலத்தைப் பிரிப்பது பெரும்பாலோருக்கு எளிது.

ஆனால் சுவருக்குள் இருக்கும் வயரை மாற்றுவது சாதன வயரை மாற்றுவதுபோல் எளிதல்ல. பிரிட்டனில் 1969-ல் சாதன வயருக்குப் பழுப்பு, நீலம் வந்துவிட்டது. சுவர் வயர் சிவப்பு, கறுப்பாகவே நின்றது. இன்று உங்கள் வீட்டில் இருக்கும் நிலைமையில்தான் அந்த நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 2004 மார்ச் 31 முதல் சுவர் வயரிலும் புதிய நிறத்துக்கு அனுமதி கொடுத்து, 2006 ஏப்ரல் முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். புதிய மூன்று ஃபேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். பழைய நியூட்ரலின் கறுப்பு புதிய ஃபேஸ் ஆகிவிட்டது, பழைய ஃபேஸின் நீலம் புதிய நியூட்ரல் ஆகிவிட்டது. ஒரே போர்டில் இரண்டு தலைமுறை வயர்களும் இருந்தால் எச்சரிக்கை அட்டை ஒட்ட வேண்டும் என்று விதியே எழுதினார்கள். சிங்கப்பூர் 2009-ல் அதே வழியில் மாறியது. மலேசியா சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பிலேயே இருக்கிறது. ஜொகூரில் வேலை பழகியவர் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போனால் நீலத்தை மறுபடி கற்க வேண்டும்.

இந்தியாவில் வீட்டுக்கு வெளியேயும் இந்த நிறங்கள் ஊன்றிவிட்டன. ஆர், ஒய், பி என்று நாம் சொல்லும் ஃபேஸ் பெயர்களே சிவப்பு, மஞ்சள், நீலத்தின் ஆங்கில முதலெழுத்துகள். மின்வாரிய ஊழியர், போர்டு செய்பவர், மோட்டார் கட்டுபவர் என எல்லோரும் அந்தப் பெயரில்தான் பேசுகிறார்கள். டிரான்ஸ்பார்மரிலும் பேனலிலும் அதுதான் எழுதியிருக்கிறது. நீலத்தை நியூட்ரலாக்கினால் நாடு முழுவதும் மாறும் காலத்தில், நான் மேலே சொன்ன 400 வோல்ட் தவறு எத்தனை வீட்டில் நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாறாமல் இருப்பதிலும் அதே தவறு மெல்ல மெல்ல நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எது மேல் என்பது என் கருத்தளவிலான விஷயம். எனக்கு மாற்றம் வேண்டும் என்றே தோன்றுகிறது, ஆனால் மறுப்பவர்களின் கவலை வெறும் சோம்பலல்ல.

அமெரிக்கா இந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. அங்கே வீட்டு வயரிங்கில் கறுப்பு ஃபேஸ், இரண்டாவது ஃபேஸ் முனை வழக்கமாகச் சிவப்பு, நியூட்ரல் வெள்ளை, எர்த் பச்சை அல்லது உறையே இல்லாத வெறும் செம்பு. அங்கே விதி இறுக்கிப் பிடிப்பது நியூட்ரலையும் எர்த்தையும் மட்டும்தான். வெள்ளை, சாம்பல், பச்சை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு ஃபேஸுக்குப் பெரும்பாலும் எந்த நிறமும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அங்கே குடியேறிய நம்மவர்கள் விடுமுறையில் தாமே விளக்கு மாற்றும்போது கறுப்பை நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது. வெள்ளையையும் முழுதாக நம்ப வேண்டாம். சுவிட்சுக்கு இரண்டு வயர் கேபிள் மட்டும் இழுத்த பழைய வீடுகளில் வெள்ளை வயரே ஃபேஸைச் சுமந்து நிற்கும். அதன் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருக்க வேண்டும், பல இடங்களில் சுற்றியிருக்காது.

இனி உங்கள் வீட்டில் அளப்பது. உங்களுக்கு மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, இதைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில் முதலில் சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே சாக்கெட்டில் மறுபடி சோதிக்க வேண்டும், நடுவில் மீட்டரே செத்துப் போயிருந்தால் பூஜ்ஜியம் காட்டி ஏமாற்றிவிடும். பிறகு குளியலறையில் ஃபேஸ் என்று நினைக்கும் வயருக்கும் கறுப்புக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும். அதே வயருக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். கறுப்புக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. எந்த இணையிலாவது 400-ஐ ஒட்டிக் காட்டினால் அங்கே இரண்டு ஃபேஸ் நிற்கிறது. கறுப்புக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினால் கறுப்பு ஃபேஸாக இருக்கிறது, அல்லது நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது.

இந்த அளவீட்டால் கண்டுபிடிக்க முடியாத தவறு ஒன்று உண்டு. கறுப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தால் மூன்று அளவும் சரியாகவே வரும், ஏனென்றால் இரண்டுமே தரையின் மின்னழுத்தத்தில்தான் நிற்கின்றன. மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போர்டில் இருந்தால் ஹீட்டரைப் போட்ட நொடியே அது விழுந்து காட்டிக்கொடுக்கும், திரும்பி வர வேண்டிய 8.7 ஆம்பியர் நியூட்ரலில் வராமல் எர்த்தில் போய்விடுவதால். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஹீட்டர் சத்தமில்லாமல் எர்த் வயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த எர்த் எங்கேயாவது விட்டுப்போன அன்றைக்கு, அதனோடு கட்டிய எல்லா உலோக உடல்களும் எலிமென்ட் வழியாக ஃபேஸுக்கு வந்துவிடும். அதனால் மெயினை நிறுத்திவிட்டு, போர்டில் நியூட்ரல் பாரிலிருந்து குளியலறைக்குப் போகும் கறுப்பு வயரைக் கழற்றி, குளியலறைக் கறுப்பிலிருந்து அந்தக் கழற்றிய நுனிவரை தொடர்பு இருக்கிறதா, பச்சைக்குத் தொடர்பு இல்லையா என்று மீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் ஜங்ஷன் பாக்ஸில் வேறு சுற்றோடு நியூட்ரல் கலந்திருந்தால் இந்தச் சோதனையும் குழப்பும்; அப்போது பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். சுற்று தேறிய பிறகு, சுவரில் ஃபேஸாக வரும் நீல வயரின் நுனியில் பழுப்பு நிற ஸ்லீவையும் கறுப்பின் நுனியில் நீல ஸ்லீவையும் ஹீட்டர் முனையில் மாட்டி, போர்டின் மூடிக்கு உள்பக்கம் அதை எழுதியும் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஹீட்டரைக் கழற்றுபவர் வேறொருவராக இருப்பார்.